மொத்தம் சரியா வருது, நடைமுறைக் கணக்கு மட்டும் பிழைக்குது. சென்மதி நிலுவை தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் பாருங்கோ

கல்லடி நிரோ
இந்த வருசம் ஏஎல் எடுக்கிறன். டியூட்ல வந்த கணக்கு இது, எல்லாம் மில்லியன் டொலர். ஏற்றுமதி 900, இறக்குமதி 1500, சுற்றுலா வருமானம் 200, வெளிநாட்டில வேலை செய்யிறாக்கள் அனுப்பின காசு 400, வெளிநாட்டுக் கடனுக்கு கட்டின வட்டி 120, கடன்ட முதல் தொகையில திருப்பிக் கட்டினது 180, புதுசா எடுத்த கடன் 300, ஆஸ்பத்திரி கட்ட கிடைச்ச நன்கொடை 50. நடைமுறைக் கணக்கு மீதி கேட்டிருக்கு. எனக்கு -250 வருது, விடையில -120 எண்டு இரிக்கு. எல்லாத்தையும் கூட்டினா +50 தான் வருது, அது விடையோட ஒத்துப்போகுது, அதால எங்க பிழை விட்டன் எண்டே விளங்குதில்ல, ராவு ரெண்டு தரம் செஞ்சு பாத்தும் அதே -250.

காத்தான்குடி றிஸ்வி
தம்பி சிம்பிளா ஒண்டு ஞாபகம் வெச்சிக்க. திருப்பிக் குடுக்க வேண்டிய காசு எண்டா மூலதனம், திருப்பித் தேவையில்லாத காசு எண்டா நடைமுறை. நான் அப்பிடித்தான் படிச்சு எழுதினன். கடன் 300, முதல் 180 ரெண்டையும் நடைமுறையில இருந்து எடு, சரியா வரும்.

கல்லடி நிரோ
நானா, புதுக்கடன் 300ஐ நான் போடவே இல்ல. 180 மட்டும் போட்டிருக்கன், வட்டியும் முதலும் ஒண்டாக் கட்டுறதுதானே எண்டு சேத்துட்டன். இப்ப அத எடுத்தா -70 வருது, இன்னும் 50 இடிக்குது.

களுவாஞ்சிக்குடி மிஸ்
மகன், அந்த 50 ஆஸ்பத்திரி நன்கொடைதான். றிஸ்வி தம்பி சொன்ன விதி கடனுக்கு சரி, நன்கொடையில சறுக்கும். திருப்பிக் குடுக்கத் தேவையில்லாட்டியும் கட்டடம் கட்ட எண்டு வந்த காசு மூலதன மாற்றல், அது மூலதனக் கணக்குக்குத்தான் போகும். வெள்ளத்துக்கு அரிசி, மருந்து எண்டு வந்திருந்தா திண்டு முடிக்கிற உதவி, அது நடைமுறையில இரண்டாம்நிலை வருமானம். தந்தது ஆர் எண்டு பாக்காத, எதுக்குத் தந்தது எண்டு பார். ஒரு நாடு நமக்குக் கடன மன்னிச்சு விட்டாலும் மூலதனக் கணக்குத்தான்.

மறுகா வட்டி. வயலக் குத்தகைக்கு எடுத்தா போகத்துக்கு இத்தின மூடை நெல்லு எண்டு அளக்கிறம், அளந்ததால வயல் நம்மட பேருக்கு வாறதில்ல. வட்டியும் அப்பிடித்தான், காசப் பாவிச்சதுக்குக் கூலி, எத்தின வருசம் கட்டினாலும் கடன் ஒரு சதம் குறையாது. அதால 120 நடைமுறையில முதலாம்நிலை வருமானம். முதல் 180 கட்டினா நாம குடுக்க வேண்டியது குறையுது, அதால நிதிக் கணக்கு. புதுக்கடன் 300ம் அங்கதான். பழைய புத்தகங்கள்ல நிதிக் கணக்கையும் சேத்து மூலதனக் கணக்கு எண்டே போட்டிருப்பாங்க, கேள்வி எந்த முறையில எண்டு முதல்ல பார்.

இப்ப எழுதிப் பார்:

```
900 - 1500 + 200 - 120 + 400 = -120
மூலதனம் +50
நிதி 300 - 180 = +120
மொத்தம் +50, ஒதுக்கு 50 கூடும்
```

உனக்கு +50 வந்ததும் இதாலதான். ஒரு தொகைய பிழையான பெட்டியில போட்டாலும் மொத்தம் மாறாது, அத வெச்சு சரி பிழை பாக்க ஏலா.

அக்கரைப்பற்று தாத்தா
எண்ட தம்பி கட்டார்ல மூணு வருசமா நிக்கான், வீடு கட்டத்தான் மாசாமாசம் அனுப்புறான். கட்டடத்துக்கு எண்டா மூலதனம் எண்டு மிஸ் சொல்லுறீங்க, அப்ப இதுவும் மூலதனமா? இந்த வீட்டுக்கு லோன் எடுக்கலாமா எண்டும் ஆராச்சும் சொல்லுங்கோ.

களுவாஞ்சிக்குடி மிஸ்
இல்ல தங்கச்சி. குடும்பத்துக்கு அனுப்புற காசு வீட்டுக்குப் போனாலும் சோத்துக்குப் போனாலும் இரண்டாம்நிலை வருமானம், நடைமுறைதான். ஒரு வருசத்துக்கு மேல அங்க நிண்டா அவர் அந்த நாட்டு வதிவாளர் எண்டு கணக்கு. ஆறு மாசக் கொந்தராத்தில போய் உழைச்சிருந்தா அந்தச் சம்பளம் முதலாம்நிலைக்குப் போகும், அப்பவும் நடைமுறைதான். லோன் விசயம் பேங்க்லதான் கேக்கோணும்.

காத்தான்குடி றிஸ்வி
மிஸ், அவர் தாத்தாட பேருக்கு அனுப்பாம இஞ்ச உள்ள அவரிட சொந்த எக்கவுண்ட்லயே போட்டு வெச்சா? அது அவரிட காசுதானே, ஆருக்கும் குடுக்கல்லயே.

களுவாஞ்சிக்குடி மிஸ்
நல்ல கேள்வி. அப்ப நம்மட பேங்க் அவருக்குக் கடமைப்பட்டிருக்கு, அதால அது வைப்பு, நிதிக் கணக்கு. வீட்டாக்கள் எடுத்துச் செலவழிக்கிற நேரம்தான் மாற்றல் ஆகுது. ஏஎல் கேள்வியில இவ்வளவு தூரம் வாறத நான் காணல்ல.

கல்லடி நிரோ
-120 வந்திட்டு மிஸ்! இன்னொரு கேள்வியில 'வெளிநாட்டு உதவி 80' எண்டு மட்டும் கிடக்கு, எதுக்கு எண்டே இல்ல. அத எங்க போடுற?

காத்தான்குடி றிஸ்வி
எங்கட சேர் நடைமுறையில போடச் சொன்னவர்.

களுவாஞ்சிக்குடி மிஸ்
நானும் நடைமுறையிலதான் போடுவன், ஆனா கேள்வியே அரைகுறை. திட்ட உதவி எண்டு எங்கயாச்சும் சொல்லிருக்கா எண்டு கேள்விட படம் ஒண்டு எடுத்துப் போடு, பாத்திட்டுச் சொல்லுறன்.