கலைச்சொல் தேவை: தானியங்கியின் ஒவ்வொரு நிலைக்கும் எழுதும் கூற்று

கயல்விழி:
அனைவருக்கும் வணக்கம். தானியங்கிக் கோட்பாட்டுப் பாடக்குறிப்பில் சரம், நிலை, ஏற்புநிலை, தொகுத்தறிதல் எல்லாம் அமைந்துவிட்டன. ஒன்றுக்கு மட்டும் சொல் அகப்படவில்லை. எடுத்துக்காட்டு, 3ஆல் வகுபடும் இரும எண்களை மட்டும் ஏற்கும் தானியங்கி. இடக்கோடி இலக்கத்திலிருந்து வாசிக்கிறது. q0 தொடக்கநிலை, ஏற்புநிலையும் அதுவே.

```
δ(q_i, b) = q_((2i + b) mod 3)
```

சரத்தின் நீளத்தின்மீது தொகுத்தறிகிறோம். "வகுபட்டால் q0இல் முடியும்" என்பதை மட்டும் கருதுகோளாகக் கொண்டால் நிரூபணம் நகராது. 1001இன் மதிப்பு 9. கடைசி இலக்கத்தை எடுத்தால் 100, அதாவது 4. அது வகுபடாத எண், ஆகவே அது எந்த நிலையில் நிற்கும் என்று கருதுகோள் எதுவும் சொல்லவில்லை. எனவே "மீதி i என்றால் q_i" என்று மூன்று நிலைகளுக்கும் சேர்த்து எழுதுகிறோம். வெற்றுச் சரத்தின் மதிப்பை 0 என்று கொண்டால் அடிப்படைப் படி முடிந்தது. x என்ற சரத்தோடு b சேர்ந்தால் மதிப்பு இரட்டித்து b கூடும். δஉம் அதையே செய்வதால் அடுத்த படியும் முடிந்தது. நிலைதோறும் எழுதும் இந்தக் கூற்றை "நிலைமாறிலி" எனலாமா?

செல்வம்:
"மாறிலி" வேண்டாம். பள்ளியிலிருந்தே அது மதிப்பு மாறாத எண்ணைக் குறித்துவருகிறது. இங்கே மாறாமல் நிற்பது எந்த எண்ணும் அல்ல, கூற்றின் உண்மை. "நிலைக்கூற்று" போதும். இன்னொன்று: நீங்கள் நிரூபித்திருப்பது ஒரு திசையைத்தான். வேறெதையும் ஏற்காது என்று காட்ட எதிர்த்திசைக்கு இரண்டாவது தொகுத்தறிதல் எழுதியே ஆகவேண்டும்.

மதிவாணன்:
எங்கள் பயிற்சித்தாளில் வலக்கோடி இலக்கம் முதலில் வருகிறது. இதே தானியங்கியை அப்படியே கொடுத்துப் பார்த்தோம். நீளம் 8 வரை எல்லாச் சரத்துக்கும் விடை சரி. நிரூபணத்தில்தான் இடிக்கிறது. 1, பிறகு 0 என்று வாசித்தால் மதிப்பு 1, ஆனால் நிற்பது q2இல். தானியங்கி பிழையா, கூற்று பிழையா?

இளவேனில்:
செல்வம் ஐயா, இரண்டாவது தொகுத்தறிதல் இங்கே தேவையில்லை. எந்த எண்ணுக்கும் மீதி 0, 1, 2 இவற்றில் ஒன்றே ஒன்றுதான். மூன்று கூற்றுகளும் சேர்ந்து எல்லாச் சரங்களையும் அடக்கிவிடுகின்றன, ஒரு சரம் இரண்டில் விழுவதும் இல்லை. மீதி 1 உள்ள சரம் q1இல் முடியும் என்று காட்டியாயிற்று. ஒரு சரம் ஒரே நிலையில்தான் முடியும் என்பதால் அது q0இல் இருக்க வழியில்லை. எதிர்த்திசை அதிலேயே வந்துவிட்டது. ஆனால் நீங்கள் எச்சரிப்பது வீண் அல்ல. ஒரே எழுத்துக்குப் பல அம்புகள் உள்ள தானியங்கியில் ஒரு சரம் பல நிலைகளில் முடியலாம், அங்கே இரு திசையையும் தனித்தனியே காட்டத்தான் வேண்டும். இன்னோர் ஓட்டை, மாணவர்கள் மீளாநிலையை வரையாமல் விடுவது. வழியில் சிக்கிய சரத்துக்கு அப்போது எந்தக் கூற்றும் இருக்காது.

மதிவாணன், உங்கள் தானியங்கி சரி, கூற்றுதான் தவறு. 3ஆல் வகுக்கும்போது 2உம் −1உம் ஒன்றே. அதனால் சரத்தைத் திருப்பி வாசித்தால் மீதி அப்படியே இருக்கும், அல்லது குறி மாறும். மீதி 0க்குக் குறி மாறினாலும் 0தான், அதனால்தான் விடைகள் எல்லாம் பொருந்தின. ஏற்பு விடையை மட்டும் பார்க்கும் சோதனையில் q1உம் q2உம் இடம் மாறியிருப்பது தெரியவே தெரியாது. சரியான கூற்று இது: நீளம் ஒற்றைப்படை என்றால் மீதி i உள்ள சரம் q_iஇல் முடியும், இரட்டைப்படை என்றால் 1உம் 2உம் இடம் மாறும். புதிய இலக்கத்தின் மதிப்பு 2^n, அதாவது n இரட்டை என்றால் 1, ஒற்றை என்றால் −1. இரண்டையும் தனித்தனியே எடுத்தால் படி நிறைவேறும்.

மதிவாணன்:
அப்படியென்றால் கூற்றில் நீளமும் நுழைகிறதே. நிலையைப் பற்றி மட்டும் பேசாத ஒன்றை "நிலைக்கூற்று" என்பது பொருந்துமா?

இளவேனில்:
பொருந்தும் என்பது என் எண்ணம். இந்த நிலைக்கு எந்தச் சரங்கள் வந்துசேரும் என்பதைத்தானே அது சொல்கிறது. "வருசரக் கூற்று" என்றால் இன்னும் துல்லியம், ஆனால் வகுப்பில் வாயில் நுழையுமா தெரியவில்லை.

கயல்விழி:
வரைவில் இப்போதைக்கு "நிலைக்கூற்று" என்றே இடுகிறேன். ஒரு தயக்கம் மட்டும் மீதம். நிரலாக்கப் பகுதியை எழுதுபவர்கள் மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் உண்மையாக நிற்கும் கூற்றை "மடக்குமாறிலி" என்று ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். இரண்டும் ஒரே கருத்து. சரத்தை எழுத்தெழுத்தாக வாசிக்கும் மடக்காகத் தானியங்கியை எழுதினால் இந்த மூன்று கூற்றுகளும் அந்த மடக்கினுடையவையே. செல்வம் ஐயா, அங்கேயும் "மடக்குக்கூற்று" என்று மாற்றச் சொல்லலாமா?

செல்வம்:
கேட்டுப் பாருங்கள். அவர்கள் ஒப்பாவிட்டால் இரு பகுதியிலும் இரு சொல்லாகவே இருக்கட்டும், மாறிலிக்கு நான் இசையமாட்டேன்.