நம் லாரி, அவர்கள் கேட்: இரண்டு இலக்கம் இடம் மாறியதால் ஒரு நாள் போன கதை

ரசீதுபுத்தகம்
மூன்று வாரம் ஆகியும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். 14 பேலட் நிறையப் பம்புகள் வாங்கியிருந்தோம். சரக்கு விற்பவர் கிடங்கில், வண்டி நம்முடையது. முந்தின நாள் மாலை 4 மணிக்கே வண்டி எண், ஓட்டுநர் பெயர், போன், காலை 10 முதல் 11 வரை என்று எல்லாவற்றையும் அவர்கள் டிஸ்பேட்ச்சுக்கு மெயிலில் கொடுத்துவிட்டேன். சரி என்று பதிலும் வந்தது.

காலை ஏழரைக்கு டிரான்ஸ்போர்ட்காரர் கூப்பிட்டார். கிளட்ச் போய்விட்டதாம், வேறு வண்டி, வேறு ஓட்டுநர். நான் உடனே டிஸ்பேட்ச்சுக்குப் போன் போட்டுப் புது எண்ணைச் சொன்னேன். கடைசி நான்கு இலக்கம் 6734. "அறுபத்தேழு முப்பத்துநான்கு" என்றேன். அந்தப் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது அடிக்கும் பீப் சத்தம். "எழுதிட்டேன் சார்" என்றார்.

10.40க்கு ஓட்டுநரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. காவலரின் பட்டியல், அதன்மேல் அவர் ஆள்காட்டி விரல். விரலுக்கு அடியில் 7634. அறுபத்தேழு எழுபத்தாறாகிவிட்டது. ஓட்டுநர் பெயரோ இன்னும் பழையவருடையது. டெலிவரி நோட்டிலும் அதே தப்பு எண்தான் அச்சாகியிருந்தது. அதை ரத்து செய்து, மறுபடி அச்சடித்து, கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் 1.15. எங்கள் பேலட்டுகளை லேனிலிருந்து எடுத்து உள்ளே போட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் வா என்றார்கள். ஒரு நாள் வெயிட்டிங் இப்போது எங்கள் கணக்கில். கண் எதிரே நிற்கிற வண்டி, ஒரே ஒரு எண். அந்தக் காவலருக்கு ஒரு போன் போட என்ன?

ஏழாம்கேட்
டிஸ்பேட்ச்சில் 19 வருடம் இருந்தவன் சொல்கிறேன், அந்தக் காவலர் செய்தது சரி. கோபப்படாமல் கேளுங்கள்.

எங்கள் இடத்தில் ஒருமுறை காலை எட்டு மணிக்கு ஒரு போன். "வண்டி மாறியிருக்கு, புது எண் எழுதிக்கோங்க." ஆர்டர் எண் சரியாகச் சொன்னார்கள், வாங்குபவர் பெயரும் சரி. என் பையன் மாற்றிக்கொண்டான். ஒன்பதரைக்கு வண்டி வந்தது, ஏற்றி அனுப்பினோம். பதினொன்றரைக்கு இன்னொரு ஓட்டுநர் வந்து, போனைத் திருப்பிக் காட்டினார். அதே ஆர்டர் எண், அதே எடை, முந்தின நாள் கொடுத்த அசல் வண்டி எண். அந்தத் திரையைப் பார்த்தபோது எனக்குக் காது அடைத்துப் போனது. முதலில் போன சரக்கு திரும்பி வரவே இல்லை.

அதற்குப் பிறகு போனில் வந்த மாற்றத்தை நாங்கள் ஏற்றுக்கொள்வதே இல்லை. வாங்குபவர் ஏற்கெனவே கொடுத்து வைத்திருக்கும் நம்பருக்கு நாங்களே திருப்பிக் கூப்பிடுவோம். அழைத்த நம்பருக்கு இல்லை, கவனியுங்கள். அப்புறம் மெயிலில் எழுதி வாங்குவோம்.

இன்னொன்று. வண்டி எண் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கேட் பட்டியல், டெலிவரி நோட்டு, லோடிங் பிளான் என்று மூன்று இடம், மூன்று ஆள். உங்கள் போனை எடுத்தவர் ஒரு இடத்தில் திருத்தினால் மற்ற இரண்டும் பழசாகவே கிடக்கும். உங்கள் விஷயத்தில் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, ஓட்டுநர் பெயரை அப்படியே விட்டிருப்பார்கள்.

வெண்டைக்காய்
எனக்கும் இதே தலைவலி! ஃப்ரிட்ஜைத் திருப்பி எடுத்துப் போக ஆள் வருவான் என்றார்கள், இரண்டு நாள் லீவு போட்டு உட்கார்ந்திருந்தேன். பெயரும் இல்லை, நேரமும் இல்லை.

ரசீதுபுத்தகம்
அது வேறு கதைங்க. இங்கே போய் எடுப்பவர்கள் நாங்கள்.

கணக்குப்பிள்ளை
வாங்குபவரே வண்டி அனுப்பி எடுக்கும் எக்ஸ் ஒர்க்ஸ் ஆர்டர் என்றால் விற்பவர்தான் வண்டியில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். ஏற்றவில்லை, அதனால் வெயிட்டிங் அவர்கள் தலையில். நேராக டெபிட் நோட் போடுங்கள். நான் ஒருமுறை போட்டேன், பேசாமல் ஒப்புக்கொண்டார்கள்.

ஏழாம்கேட்
தலைகீழ். எக்ஸ் ஒர்க்ஸில் ஏற்றுவது விற்பவர் கடமை இல்லை. தன் இடத்தில் சரக்கைத் தயாராக வைத்தால் போதும். விற்பவர் இடத்திலேயே எடுக்கும் எஃப்.சி.ஏ.வில்தான் ஏற்றிக் கொடுக்க வேண்டும். நடைமுறையில் ஃபோர்க்லிஃப்ட் எங்களிடம் இருப்பதால் இரண்டிலும் நாங்களே ஏற்றுகிறோம், அதனால்தான் இந்தக் குழப்பம். வெயிட்டிங் காசு இரண்டிலுமே தானாக எங்கள் தலையில் விழாது. அது உங்களுக்கும் உங்கள் டிரான்ஸ்போர்ட்டுக்கும் நடுவில் உள்ள பேச்சு. எங்களிடம் கேட்க வேண்டுமென்றால் ஆர்டரில் எழுதியிருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை
ஆனால் எண்ணைத் தப்பாக எழுதியது அவர்கள் ஆள்தானே?

ஸ்டெப்னி
நான் வண்டிக்காரன். பத்து மணி என்று நீங்கள் எழுதுவது கேட்டுக்கு வரும் நேரமா, லோடு ஏற்றும் டாக்கில் வண்டியைப் போடும் நேரமா? யாரும் சொல்வதில்லை. கேட்டில் காகிதம் முடியவே முக்கால் மணி நேரம் ஆகும்.

என் கதை இது. நெடுந்தூர வண்டி, நடுவழியில் ஓட்டுநர் மாறுவார். கொடுத்திருந்தது முதல் ஓட்டுநரின் நம்பர். அவர் இறங்கி வீட்டில் தூங்குகிறார், டிஸ்பேட்ச்காரர்கள் அவரைப் பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டாவது ஓட்டுநரோ கேட்டுக்கு வெளியே ஸ்டியரிங்கில் தலை வைத்து, கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறார். நடுவில் முப்பதடி தூரமும் ஒரு இரும்புக் கதவும். சாயங்காலம்தான் தெரிந்தது.

மேஜைவிளக்கு
இதற்கெல்லாம் வழி இருக்கிறது. என் அனுபவம் சின்னது: ஒரு தடவை சின்ன வண்டி அனுப்பினேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். அதிலிருந்து நான் எழுதும் மெயிலில் வண்டி எண்ணோடு வண்டியின் வகையும் இருக்கும். பெட்டி வண்டியா, தார்ப்பாய் வண்டியா, பின்னால் திறக்குமா, பக்கவாட்டில் திறக்குமா, தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரம். டாக் 1.2 மீட்டரில் இருந்து, வண்டித் தளம் 0.8 மீட்டரில் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் போடும் பாலத்தகடு செங்குத்தாகச் சரியும், பேலட்டோடு ஃபோர்க்லிஃப்டை அதில் இறக்க எந்த ஆபரேட்டரும் சம்மதிக்க மாட்டார். என்னுடைய வண்டி திரும்பியது இதனால்தான். உள் உயரமும் கேளுங்கள். 1.65 மீட்டர் பேலட் 1.7 மீட்டர் கதவில் நுழையும் என்று காகிதத்தில் தோன்றும், ஆனால் ஃபோர்க் பேலட்டைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கித்தானே கொண்டுபோக வேண்டும், மேலே இடிக்கும். 14 பேலட், ஒவ்வொன்றும் 620 கிலோ என்றால் 8,680 கிலோ. வண்டியின் மொத்த எடையை எழுதினால் போதாது, எவ்வளவு ஏற்றலாம் என்று தனியாக எழுத வேண்டும். மாற்றம் வந்தால் பழைய மெயிலுக்கே ரிப்ளை போடாதீர்கள், கீழே கிடக்கும் பழைய எண்ணைத்தான் யாராவது படிப்பார்கள். தலைப்பில் "முந்தையது ரத்து" என்று போட்டுப் புதிதாக, முழுதாக அனுப்புங்கள். எண்ணை வாயால் சொன்னால் ஆறு, ஏழு, மூன்று, நான்கு என்று ஒவ்வொன்றாக. ஜோடியாகச் சொல்லவே கூடாது.

ஸ்டெப்னி
அண்ணே, தளத்தின் உயரம் லோடோடு மாறும். காலி வண்டி மேலே நிற்கும், ஏற்ற ஏற்ற இறங்கும். மெயிலில் எந்த உயரத்தை எழுதுவது?

ஏழாம்கேட்
காலி உயரம் எழுதுங்கள். அந்த வித்தியாசத்தை டாக் பாலம் பார்த்துக்கொள்ளும்.

ரசீதுபுத்தகம்
ஏழாம்கேட் சார், திருப்பிக் கூப்பிடுவது பற்றிச் சொன்னீர்களே. அன்றைக்கு அவர்கள் என்னைத் திருப்பிக் கூப்பிடவே இல்லை. போனில் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள், அதுவும் தப்பாக. அப்படியானால் நான் திருடனாக இருந்திருந்தாலும் சரக்கு போயிருக்குமே. வெயிட்டிங் தகராறு இன்னும் முடியவில்லை, பாதிப் பாதி என்கிறார்கள். மறுபடி புதன்கிழமை 9 பேலட் எடுக்க வேண்டும். டிரான்ஸ்போர்ட்காரர் வண்டி எண் கொடுத்துவிட்டார். ஓட்டுநர் யாரென்று கேட்டால், "வர்றவர் வருவார் சார்" என்கிறார்.