மல்லாந்த நீச்சலில் காலுக்கு ஒரு சொல்

கல்லடியிலிருந்து ஆசிரியை:
வணக்கம். மல்லாந்து மிதக்கப் பழகிவிட்ட பிள்ளைகளுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கால்களை மாறிமாறி மேலும் கீழும் வீசுவதற்கு என்ன சொல் போடலாம்? 'உதை' என்றால் முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துப் பந்தடிக்கிறார்கள். 'மிதி' என்றால் சைக்கிள் ஓடுகிறார்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'உகைப்பு' இருக்கிறதே. உகைத்தல் என்றால் செலுத்துதல். அந்தக் காலத்தில் குதிரையையும் உகைத்தார்கள், மரக்கலத்தையும் உகைத்தார்கள். உந்து, உதை, உகை மூன்றும் ஒரு வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. முன்னே தள்ளும் கருத்தே அந்த உகரத்தில்தான் இருக்கிறது. விரிவாக எழுதுகிறேன்.

களுவாஞ்சிகுடியிலிருந்து:
விரிவாக வேண்டாம் சேர்! துடி, துடிப்பு, துடுப்பு என்று ஒரு வரிசை இருக்கிறது. 'கால்துடுப்பு' என்போமே.

கல்முனையிலிருந்து:
துடுப்பு என்றால் பிள்ளைகள் கிரிக்கெட் பட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது போகட்டும், பயந்த பிள்ளைக்கு முதலில் மிதக்கவல்லவா பழக்கவேண்டும்?

கல்லடி ஆசிரியை:
மிதக்கிறார்கள் அண்ணன். அதற்கு அடுத்த பாடம் இது.

வாழைச்சேனையிலிருந்து:
நான் பாசிக்குடாக் கடலில் பழகினவன். தடாகத்துக்குப் போனதும் என் கால் தாழ்ந்தது. உப்பில்லாத தண்ணீர் அவ்வளவு தாங்காது போல. என் அனுபவத்தில் முழங்கால் மடங்கவே கூடாது.

மட்டக்களப்பிலிருந்து நீச்சல் பயிற்றுநர்:
தம்பி சொன்னது பாதி சரி. மரக்கட்டை மாதிரி விறைத்த காலால் ஆள் நகராது. இடுப்பிலிருந்து கால் இறங்கும்போது நேராக இருக்கும். அடியில் முழங்கால் கொஞ்சம் மடங்கும், பிறகு பாதம் மேலே சுண்டும். மல்லாந்த நீச்சலில் அந்த மேல்வீச்சுத்தான் ஆளைத் தள்ளுகிறது. ஓரடி, ஒன்றரை அடி ஆழத்துக்குமேல் காலை இறக்கத் தேவையில்லை.

நன்றாக மிதக்கிற பிள்ளை ஏன் அமிழ்கிறது தெரியுமா? கால் வேலைசெய்கிறதா என்று தலையைத் தூக்கிப் பார்க்கிறது. தலை எழும்ப இடுப்பு இறங்கும். அப்புறம் கதிரையில் இருந்த மாதிரித்தான், எவ்வளவு அடித்தாலும் இடம் நகராது. காது இரண்டும் தண்ணீருக்குள், கண் நேரே வானத்தில், தொப்புள் மேலே. இது மூன்றும் சரியானால்தான் காலைப்பற்றிப் பேசலாம்.

சைக்கிள் ஓடுகிற பிள்ளைக்கு ஒரு சோதனை. மிதவைப் பலகையைத் தொடையிலிருந்து முழங்கால்வரை மூடினாற்போல இரண்டு கையாலும் நீர்மட்டத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். முழங்கால் மேலே வந்தால் பலகையில் இடிக்கும். நீங்கள் வாயே திறக்கவேண்டாம். சரியாக அடித்தால் பெருவிரல் பக்கம் மட்டும் தண்ணீர் கொதிக்கும், பாதம் வெளியே வராது. குதிகால் தண்ணீரில் 'தொப்'பென்று விழுகிற சத்தம் கேட்டால் காலை மிதமிஞ்சித் தூக்குகிறது என்று அர்த்தம். நான் தடாகத்தில் கத்துவது 'காலை அடி' என்றுதான்.

களுவாஞ்சிகுடி:
அப்போ 'காலடிப்பு'. துடுப்பை வாபஸ் வாங்குகிறேன்.

கல்முனை:
காலடிப்புக்கு என் வாக்கும்.

அக்கரைப்பற்று:
அடிப்பது தண்ணீரையா, காலையா? வேற்றுமை மயங்குகிறது. மேல்வீச்சு ஆளைத் தள்ளுகிறது என்று பயிற்றுநரே சொல்லிவிட்டார், அதுதானே உகைப்பு!

கல்லடி ஆசிரியை:
தலைப்பில் 'காலடிப்பு' போடுகிறேன் சேர். மேலே சுண்டுகிற அந்தப் பாதிக்கு மட்டும் 'உகைப்பு' வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

அக்கரைப்பற்று:
பாதிதானா? என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளுங்கள்.