ஸ்லைடில் காணாமல் போன பத்தாயிரம் ரூபாய்: உங்கள் அனுபவம் என்ன?

காரைக்குடி
எங்கள் பலகாரக் குழுவின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஸ்லைடு போட்டேன். மொத்த விற்பனை ரூ.23,33,150. அதில் தேன்குழல் 10,44,300, மனகோலம் 7,44,450, சீப்புச்சீடை 5,44,400. இத்தனை இலக்கத்தைத் திரையில் வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று லட்சத்துக்கு மாற்றி, ஒரு தசமத்தோடு நிறுத்தினேன். 10.4, 7.4, 5.4, மொத்தம் 23.3.

முன்வரிசையில் இருந்த அப்பச்சி ஒருவர் மனத்துக்குள்ளேயே கூட்டிவிட்டார். “கூட்டினா 23.2தானே வருது, பத்தாயிரம் எங்கே ஆச்சி?” என்றார். மூன்று எண்ணிலும் கீழே விழுந்த சில்லறை மொத்தத்தில் சேர்ந்து மேலே ஏறியிருக்கிறது என்று விளக்கினேன், அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த ஸ்லைடை யாரும் கவனிக்கவில்லை, பேச்செல்லாம் அந்தப் பத்தாயிரத்தைப் பற்றித்தான். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தேவகோட்டை
நடந்திருக்கிறது. எங்கள் கடையில் பில் தொகையை ரூபாய்க்கு ரவுண்டு செய்தால் சிலர் சண்டைக்கே வருவார்கள். பில்லின் அடியில் ‘ரவுண்ட் ஆஃப்’ என்று தனி வரி போட்ட பிறகு கேள்வி நின்றது.

காரைக்குடி
எங்கள் கணக்கில் ஒரு பைசாவையும் மாற்றவில்லை அண்ணே, திரையில் காட்டுவது மட்டும்தான் சுருக்கம். ஆனால் அந்தத் தனி வரி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

கானாடுகாத்தான்
இதற்கு எளிய வழி இருக்கிறது. ரவுண்டு செய்வதைக் கடைசி இலக்கத்திலிருந்து படிப்படியாகச் செய்யுங்கள். மனகோலம் 7.4445. அது 7.445 ஆகும், அப்புறம் 7.45, அப்புறம் 7.5. இப்போது கூட்டிப் பாருங்கள்: 10.4, 7.5, 5.4. சரியாக 23.3.

ஆத்தங்குடி
கூட்டல் சரி, எண் தப்பு. 7,44,450 என்பது ஏழரைப் பக்கம் இல்லை. 7.4 லட்சத்துக்கு 4,450 ரூபாய் தூரம், 7.5 லட்சத்துக்கு 5,550 ரூபாய் தூரம். கிட்டே இருப்பது 7.4தான். ஒவ்வொரு படியிலும் மேலே தள்ளியதால் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. ரவுண்டு செய்வது ஒரே முறை, அதுவும் மூல எண்ணிலிருந்து. மொத்தத்துக்கும் இதே விதிதான். சுருக்கிய எண்களைக் கூட்டி மொத்தம் போட்டால் 23.2 என்று வரும், பாஸ்புக்கோடு ஒப்பிட வரும் வங்கிக்காரருக்கு அது உதவாது.

ஆச்சி, எக்செல்லில் மூல எண்களை அப்படியே விட்டுவிட்டு, ஸ்லைடுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு நெடுவரிசை வையுங்கள்:

```
=ROUND(B2/100000,1)
=ROUND(SUM(B2:B4)/100000,1)
```

முதல் வரி பலகாரத்துக்கு, இரண்டாவது மொத்தத்துக்கு. இரண்டுமே மூல எண்ணைத்தான் தொடுகின்றன.

காரைக்குடி
இன்னொரு தசமம் சேர்த்தால் பிரச்சினை தீருமா?

ஆத்தங்குடி
போட்டுப் பாருங்கள். 10.44, 7.44, 5.44 கூட்டினால் 23.32. மொத்தமோ 23.33. பத்தாயிரம் இடைவெளி ஆயிரமாகக் குறைந்தது, ஆனால் போகவில்லை. படிக்க வேண்டிய இலக்கம்தான் கூடியது. எதிர்ப்பக்கம் போய் முழு லட்சம் வைத்தால் 10, 7, 5, கூட்டினால் 22, மொத்தம் 23. ஒரு லட்சமே காணாமல் போனதுபோல் தோன்றும். உங்கள் கூட்டத்துக்கு ஒரு தசமம்தான் சரி. அதோடு ‘ரூ. லட்சத்தில்’ என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள், மூலையில் ஒளித்து வைக்காதீர்கள். மொத்தத்துக்கு அடியில் ஒரு வரி: ‘சுருக்கிய எண்கள் என்பதால் கூட்டல் சிறிது மாறலாம், முழுக் கணக்கு கையேட்டில்.’ கையேட்டில் கடைசி ரூபாய் வரை இருக்க வேண்டும்.

கானாடுகாத்தான்
படிப்படியாகச் செய்யக்கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அடிக்குறிப்பை யார் படிப்பார்கள்? பின்வரிசைக்கு அந்த எழுத்தே தெரியாது. என்னைக் கேட்டால் மொத்தத்தை மட்டும் பெரிதாக ‘23 லட்சத்துக்கு மேல்’ என்று போட்டுவிட்டு, மூன்று பலகாரத்தையும் எண் இல்லாமல் பட்டைகளாகக் காட்டலாம். கூட்ட எண் இல்லையென்றால் சந்தேகமும் இல்லை.

ஆத்தங்குடி
எண்ணை எடுத்தால் கேள்வி போகும், கூடவே பதிலும் போகும். தேன்குழல் எவ்வளவு விற்றது என்று தெரிந்துகொள்ளத்தானே அந்த அப்பச்சி வந்தார்? குறிப்பை மொத்தத்தின் எழுத்தளவில் பாதிக்குக் குறையாமல் போட்டால் போதும்.

தேவகோட்டை
அப்பச்சி மாதிரி கூட்டிப் பார்ப்பவர் ஒருவர்தான் இருப்பார். அவருக்காக எல்லாரையும் படிக்க வைக்க வேண்டுமா? நேரில் சொன்னால் ஆகாதா?

காரைக்குடி
நான் அங்கே நின்று பேசும்போது ஆகும். ஆனால் அதே ஸ்லைடைக் கூட்டத்துக்கு வராதவர்கள் வாட்ஸப்பில் பார்க்கிறார்கள், பக்கத்தில் சொல்ல யாரும் இல்லை. அதனால் குறிப்பைச் சேர்க்கிறேன். பட்டை மேல் எண் வைப்பதா வேண்டாமா என்பதைக் குழுவில் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு விதமாகவும் ஒரு ஸ்லைடு போட்டு எடுத்துப் போகிறேன்.