புதுப்பிப்பு: பம்ப் அறை இரைச்சல், கோரமங்கலா அலுவலகம்

என் பழைய கேள்வி: "பம்ப் அறைக்கும் பக்கத்து அலுவலகத்துக்கும் நடுவில் 200 மி.மீ. பிளாக் சுவர். இன்னொரு அடுக்கு போட்டால் சத்தம் குறையுமா?"

"சுவரில் ராக்வூல் ஒட்டுங்க சார்" என்றவர் சொன்னது பாதி சரி. அந்தப் பஞ்சு அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும்.

சரியான வழியைக் காட்டியவர் ரவி அண்ணா: "முதல்ல லூவரை மூடிப் பாருப்பா." லூவர் என்றால் பம்ப் அறையின் வெளிச்சுவரில் காற்றுக்காக விட்ட, சாய்ந்த பட்டைகள் கொண்ட திறப்பு; சத்தம் அதன் வழியே வெளியேறி, சுற்றி வந்து அலுவலகத்துக்குள் நுழைகிறது. பம்ப் ஓட, அதை 18 மி.மீ. பிளைவுட்டால் 5 நிமிடம் மூடினோம். அலுவலகத்தில் 61 டெசிபெல் 52 ஆனது. வெளிச்சுவர் 18 ச.மீ., லூவர் 2 ச.மீ. சுவர் 45 டெசிபெல் தடுத்தாலும் லூவர் 5தான் தடுக்கும்; சேர்த்துக் கணக்கிட்டால் வெறும் 15. சுவரை எவ்வளவு தடிமனாக்கினாலும் இந்த 15 நகராது.

இப்போது லூவருக்குப் பின்னால் 1200 மி.மீ. நீள சைலன்சர் வைக்கிறோம்; காற்றை விட்டு, சத்தத்தைத் தகடுகளால் உறிஞ்சும் பெட்டி அது. 300 மி.மீ. ஒலித்தடுப்பு லூவர் மட்டும் போதாது. தாழ்ந்த ஸ்தாயி உறுமலை அது அதிகம் பிடிக்காது. சைலன்சர் தகடுகள் காற்றை நெருக்குவதால் திறப்பை 3 ச.மீ. ஆக்கினோம். இதைச் செய்யாவிட்டால் விசிறி திணறும், அறை சூடாகும், இடுக்குகளில் சீழ்க்கை கேட்கும்.

லூவரை மூடியும் மிஞ்சிய 52 எங்கிருந்து? சுவரைத் துளைக்கும் குழாய்களின் இடைவெளியில் ராக்வூல் திணித்து, இரு பக்கமும் இறுகிப்போகாத, நெகிழும் சீலன்ட் பூசுகிறோம். சிமென்ட் வைத்து இறுக்கினால் குழாயின் அதிர்வு சுவருக்கு ஏறும். அதன் பிறகும் உறுமல் இருந்தால் பம்ப் அடியிலுள்ள ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டும் என்கிறார் அண்ணா. அது இன்னும் பார்க்கவில்லை.