பாம்பன் கருவாட்டுக் கடை: கூகுள் மேப்ஸில் இரண்டு பக்கங்கள், 86 விமர்சனங்களைக் காப்பது எப்படி?

பாம்பனில் எங்கள் கருவாட்டுக் கடைக்கு கூகுள் மேப்ஸில் இரண்டு பக்கங்கள் உள்ளன. 2019-இல் அண்ணன் தொடங்கிய பழைய பக்கத்தில் 86 விமர்சனங்கள். முகவரி மட்டும் பழைய தெரு. சென்ற ஆண்டு கடை இடம் மாறியபோது, பழைய பக்கம் இருப்பது தெரியாமல் நான் புதிதாக ஒன்று தொடங்கிச் சரிபார்ப்பும் முடித்தேன். அதில் 4 விமர்சனங்கள்தாம். ராமேஸ்வரம் வருகிறவர்கள் பழைய பக்கத்தைப் பார்த்துப் பூட்டிய கதவின் முன் நிற்கிறார்கள்.

Suggest an edit வழியாக, புதியதை Duplicate of another place என்று இரண்டு முறை குறித்தேன், ஏற்கப்படவில்லை. முகவரிகள் வேறாக இருப்பதே காரணம் என்று நினைக்கிறேன். புதியதை என் கணக்கிலிருந்து நீக்கிப் பார்த்தேன். மேப்ஸில் அப்படியே நின்றது, திரும்பச் சேர்த்துக்கொண்டேன். பழையதை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று குறிக்க மனம் வரவில்லை. அந்த 86-உம் அங்கேயே தங்கிவிடும். அவை எங்கள் அம்மாவின் உழைப்பு.

அண்ணனின் பழைய மின்னஞ்சல் கைவிட்டுப் போனதால் Request access கொடுத்தேன். 3 நாள் பதில் இல்லை. இன்று உரிமை கோரும் வாய்ப்பு தெரிகிறது.

பழைய பக்கத்தைக் கைப்பற்றி, முகவரியைத் திருத்திய பிறகு இரண்டையும் இணைக்கக் கூகுளிடம் கேட்பதா, அல்லது இப்போதே கேட்கலாமா? இதைச் செய்து 86-உம் தப்பியவர்கள் எந்த வரிசையில் செய்தீர்கள்?