[கலைச்சொல்] நிறங்காட்டிச் சோதனையில் மூன்று கோடுகளும் வெட்டும் இடத்துக்கு ஒரு பெயர்

மீனாட்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆய்வகக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். புரோமோதைமால் நீலத்தின் அமிலப் பிரிகை மாறிலியைக் காணும் சோதனையில் ஒரே ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டேன்.

சோதனை இதுதான். 25 மி.லி. குடுவைகள் மூன்று. மூன்றிலும் 0.04 சதவீத நிறங்காட்டிக் கரைசல் சரியாக 1 மி.லி. ஒன்றை மிக நீர்த்த அமிலத்தால் நிரப்பினால் முழுக்க மஞ்சள். இன்னொன்றை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடால் நிரப்பினால் முழுக்க நீலம். மூன்றாவதில் pH 6.86 உள்ள பாஸ்பேட் தாங்கல் கரைசல். அது பச்சையாகத் தெரியும், மஞ்சளும் நீலமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. 616 நானோமீட்டரில் நீல வடிவம் நன்றாக உறிஞ்சும், மஞ்சள் கிட்டத்தட்ட உறிஞ்சாது. எங்களுக்கு மஞ்சள் குடுவையில் 0.02, நீலத்தில் 0.86, பச்சையில் 0.33 வந்தது. பச்சைக் குடுவையின் அளவு மஞ்சளிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, நீலத்தை எட்ட இன்னும் எவ்வளவு பாக்கி என்பதே நீலத்துக்கும் மஞ்சளுக்கும் உள்ள விகிதம்.

```
pKa = 6.86 − log[(0.33 − 0.02) / (0.86 − 0.33)]
    = 6.86 − log(0.585)
    = 7.09
```

இதுவரை சிக்கல் இல்லை. மூன்று கரைசல்களுக்கும் 400 முதல் 700 நானோமீட்டர் வரை வரைபடம் எடுத்தால், 500க்குப் பக்கத்தில் மூன்று கோடுகளும் ஒரே இடத்தில் வெட்டுகின்றன. அதைத்தான் ஐசோஸ்பெஸ்டிக் புள்ளி என்கிறார்கள். கிரேக்கத்தில் ‘சமமாக அணைந்தது’ என்பது போலப் பொருள். ‘சமவுறிஞ்சல் புள்ளி’ என்று எழுதிப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. உங்கள் யோசனை வேண்டும்.

குமரன் எழுதியது:

சமவுறிஞ்சல் நன்றாகத்தானே இருக்கிறது? மஞ்சளும் நீலமும் அங்கே சமமாக உறிஞ்சுகின்றன. அப்படியானால் இரண்டும் பாதிப்பாதி இருக்கிறது என்றுதானே பொருள். அதனால் ‘சமபாதிப் புள்ளி’ என்றே வைக்கலாம். சொல்லிப் பார்க்கவும் எளிது, மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

சிவபாலன் எழுதியது:

தம்பி குமரன், முதல் பாதி சரி, இரண்டாம் பாதி சரியில்லை. அந்த அலைநீளத்தில் ஒரு மூல் மஞ்சளும் ஒரு மூல் நீலமும் ஒரே அளவு உறிஞ்சும். அவ்வளவுதான். எது எவ்வளவு இருக்கிறது என்று அந்தப் புள்ளி சொல்லவே சொல்லாது. மீனாட்சியின் பச்சைக் குடுவையைப் பாருங்கள். 0.84இல் 0.31, ஆகவே நூற்றுக்கு 37 பங்குதான் நீலம். ஆனாலும் அதன் கோடு அந்தப் புள்ளி வழியாகத்தான் போகிறது. பாதிப்பாதி ஆவது pH 7.09இல். அது pH அச்சில் உள்ள சங்கதி, இது அலைநீள அச்சில் உள்ளது. ‘சமபாதி’ என்று வைத்தால் இந்த இரண்டையும் பிள்ளைகள் ஆயுள் முழுக்கக் குழப்பிக்கொள்வார்கள்.

இன்னொன்று. நாங்கள் யாழ்ப்பாணத்தில் ‘காட்டி’ என்றும் ‘கூட்டற்பிரிவு மாறிலி’ என்றும் படிப்பித்தோம். இந்தச் சொல்லாவது இரண்டு கரைக்கும் பொதுவாக அமைந்தால் மகிழ்ச்சி. ‘உறிஞ்சல்’ எங்களுக்கும் பழக்கமான சொல்தான்.

ராஜேந்திரன் எழுதியது:

நான் ஆய்வக உதவியாளர், மொழி பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனால் இந்தச் சோதனையை நாங்களும் செய்தோம், மூன்று கோடும் வெட்டவே இல்லை. எங்களிடம் தைமால் நீலம்தான் இருந்தது. அமிலம் ஊற்றியதும் மஞ்சளுக்குப் பதில் சிவப்பாகிவிட்டது. கருவி பழுதா? பெயர் வைக்கும்போது வெட்டாமலும் போகலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவபாலன் எழுதியது:

கருவியில் பழுதில்லை ஐயா. தைமால் நீலமும் புரோமோதைமால் நீலமும் வேறு வேறு. தைமால் நீலம் இரண்டு முறை நிறம் மாறும்: pH 1.2க்குக் கீழே சிவப்பு, 2.8க்கு மேல் மஞ்சள், பிறகு 8ஐத் தாண்டியதும் நீலத்தை நோக்கிப் போகும். நீங்கள் அளந்தது மூன்றாவது வடிவம். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையிலுள்ள சமநிலையை அளக்க வேண்டுமென்றால், மஞ்சள் குடுவைக்கு pH 5 அளவுத் தாங்கல் கரைசல் போதும். பச்சைக் குடுவைக்கும் 6.86 உதவாது, 9க்குப் பக்கத்தில் வேண்டும். புரோமோதைமால் நீலமும் மிகக் கடுமையான அமிலத்தில் சிவக்கும். அதனால்தான் மீனாட்சி நீர்த்த அமிலம் என்று எழுதியிருக்கிறார். செறிந்த அமிலத்தை யாரும் ஊற்றிவிட வேண்டாம்.

மீனாட்சி எழுதியது:

ராஜேந்திரன் சார் சொன்னதில்தான் எனக்கு வழி தெரிந்தது. ‘சமம்’ என்பது ஏன் ஒட்டவில்லை என்று இப்போது புரிகிறது. எந்த இரண்டு கோடுகளும் எங்காவது வெட்டிக்கொள்ளலாம், அங்கே உறிஞ்சல் சமம்தான். விகிதத்தை மாற்றி எடுத்த மூன்றாவது கோடும், நான்காவதும் அதே இடத்தில் வந்து விழுவதுதான் இங்கே செய்தி. விகிதம் மாறுகிறது, அந்த இடத்து உறிஞ்சல் மாறவில்லை. ஆகவே ‘மாறாவுறிஞ்சல் புள்ளி’ என்று வைத்தால் என்ன?

இந்த மாறாமை எங்களுக்கு ஒருமுறை நேரடியாக உதவியது. ஒரு மாணவர் குழுவுக்கு pKa 7.05 வந்தது. 616இல் பச்சைக் குடுவைக்கு 0.33 வர வேண்டியது 0.351 என்று வந்திருந்தது. 500இல் பார்த்தோம். மஞ்சளும் நீலமும் 0.160, பச்சை மட்டும் 0.170. மாறக் கூடாத இடம் மாறியிருக்கிறது, ஆக அந்தக் குடுவையில் நிறங்காட்டி ஆறு சதவீதம் கூடுதலாக விழுந்திருக்கிறது. பிப்பெட் வாயில் தொங்கிய துளியையும் ஊதி இறக்கியிருக்கிறார்கள். 0.351ஐ 0.170க்கு 0.160 என்ற விகிதத்தில் குறைத்தால் 0.330, பழைய 7.09 திரும்பி வந்துவிட்டது. பெயரே ‘மாறா’ என்று சொன்னால், மாறியிருந்தால் சந்தேகப்படு என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

சிவபாலன் எழுதியது:

நல்ல சொல். ‘மாறிலி’ ஏற்கனவே நம்மிடம் இருப்பதால் காதுக்கும் அந்நியமில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். இந்தத் திருத்தம், பிழை நிறங்காட்டியின் அளவில் இருந்தால்தான் செல்லும். கரைசல் கலங்கலாக இருந்தாலும் குவெட்டில் விரல்ரேகை இருந்தாலும் 500இல் அளவு ஏறும், ஆனால் அது விகிதமாக ஏறாது, எல்லா அலைநீளத்திலும் கூட்டிவைத்தது போல ஏறும். நிறங்காட்டி எதுவுமே உறிஞ்சாத 750 நானோமீட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே சுழியம் வரவில்லையென்றால் முதலில் குவெட்டைத் துடையுங்கள். pH மீட்டரின் பிழையை இந்தப் புள்ளி காட்டித்தராது. மீட்டர் 0.05 தவறினால் pKaயும் அதே 0.05 தவறும்.

குமரன் எழுதியது:

பாதிப்பாதி பற்றி நான் நினைத்தது தவறு, புரிந்துகொண்டேன் ஐயா. ஆனால் ‘மாறாவுறிஞ்சல்’ எனக்கு இன்னும் நெருடுகிறது. எதைப் பொறுத்து மாறாதது? அலைநீளம் மாறினால் மாறுகிறதே. நிறங்காட்டியின் செறிவைக் கூட்டினாலும் மாறுகிறது. ‘விகிதம்சாரா உறிஞ்சல் புள்ளி’ என்றால் நீளம், ஆனால் பிழையில்லை.

மீனாட்சி எழுதியது:

குமரன் கேட்பது நியாயம், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சரி, கையேட்டில் இப்போதைக்கு ‘மாறாவுறிஞ்சல் புள்ளி’ என்று போட்டு, முதல் முறை வரும்போது ‘விகிதம் மாறினாலும் உறிஞ்சல் மாறாத அலைநீளம்’ என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன். அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அப்புறம் ஒன்று: ஒளிர்வு நிறமாலையிலும் இதே போல் கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டுவது உண்டு. அங்கே ‘மாறாவொளிர்வுப் புள்ளி’ என்று போகலாமா, குமரன் வழியில் போனால் அது எப்படி வரும்?